ஓடு ஒழுகினால் யார் காசு?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டுக் கூரையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கொல்லையில் நின்ற தென்னைகளில் ஆறுதான் மிச்சம். அங்கே குடியிருப்பவர் பெரியப்பாவின் மூத்த மகன். அண்ணன் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, நிற்கவும் முடியாது, ஐப்பசி கார்த்திகையில் கூரை இல்லாமல் எத்தனை நாள் இருப்பது. அலைந்து ஆள் பிடித்து, முறிந்த கைமரங்களை மாற்றி, ஓடு வாங்கி மேய்ந்து முடித்துவிட்டார். பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தார். மொத்தம் 1,44,000 ரூபாய். “ஒன்பது பேர் இருக்கோம், ஆளுக்குப் பதினாறாயிரம் வருது.”

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு முடிய இரண்டு வருஷம் ஆனது. சென்னையில் இருக்கும் நான், கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை, ஷார்ஜாவில் தம்பி, பெங்களூரிலும் அமெரிக்காவிலும் சித்தப்பா பிள்ளைகள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தோம். “குடியிருக்கிறவர் செய்யட்டுமே, வாடகையா கொடுக்கிறார்” என்பது ஒரு கட்சி. “நான் இல்லைன்னா இந்த வீடு எப்பவோ மண்மேடு ஆகியிருக்கும்” என்பது அண்ணன் கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருந்ததுதான் தொல்லை.

முதலில் அந்த ஒன்பது என்ற எண்ணைப் பார்க்கலாம், ஏனென்றால் அதுவே தப்பு. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு அது, உயில் எதுவும் எழுதவில்லை, 1994இல் போய்ச் சேர்ந்தார். பாட்டியும் நான்கு பிள்ளைகளும் சம பங்காளிகள் ஆனார்கள். 2001இல் பாட்டி தவறியதும் பாட்டியின் பங்கும் நான்காகப் பிரிந்து, பெரியப்பா, என் அப்பா, அத்தை, சித்தப்பா நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு என்று நின்றது. அத்தைக்கும் அதே கால்தான். பெண் பிள்ளைக்குப் பங்கு வந்தது 2005க்கு அப்புறம்தான் என்று பலரும் சொல்வார்கள். தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. குடும்பம் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும் வரை மகள் பாகம் பிரித்துக் கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் பிரிவைத்தான் 2005 செப்டம்பர் 9 முதல் எடுத்துவிட்டார்கள். பங்கு முதலிலிருந்தே இருந்தது, கேட்கும் வழிதான் அடைத்துக் கிடந்தது.

அதற்கப்புறம் நால்வரும் ஒவ்வொருவராகப் போனார்கள். பெரியப்பாவின் கால் பங்கு பெரியம்மாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் போனது. எல்லோரும் மறந்துபோகும் ஆள் இந்தப் பெரியம்மாதான். கணவனின் பங்கில் மனைவிக்குப் பிள்ளைகளுக்குச் சமமான பாகம் உண்டு, அதனால் அந்தக் கிளையில் மூன்று பேர். அம்மாவும் இல்லாததால் எங்கள் கிளையில் நாங்கள் மூவர். சித்தப்பா, சித்தி இருவரும் இல்லை, அவர்கள் பிள்ளைகள் மூவர். அத்தைக்கு ஒரே மகள், மாமா முன்பே தவறிவிட்டார். ஆக ஒன்பது பேர் இல்லை, பத்துப் பேர். பத்துப் பேரும் சமமும் இல்லை. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, அத்தை மகளுக்கு மட்டும் மூன்று.

இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் 1,44,000 வேறு மாதிரி பிரிந்தது. பங்குக்குப் பன்னிரண்டாயிரம். எனக்குப் பதினாறாயிரம் பன்னிரண்டாயிரமாகக் குறைந்தது, அத்தை மகளுக்குப் பதினாறாயிரம் முப்பத்தாறாயிரமாக ஏறியது. திண்ணையில் சட்டென்று ஒரு அமைதி. அத்தை மகள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: “கொடுக்கிறேன் அத்தான், முப்பத்தாறும் கொடுக்கிறேன். ஆனா இது எங்கம்மா பொறந்த வீடு, இந்த வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

அவள் சொன்னது வெறும் கோபம் இல்லை. பிரிக்காத சொத்தில் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒவ்வொரு செங்கல்லிலும் பங்கு உண்டு, இந்த அறை உன்னுடையது அந்த அறை என்னுடையது என்று எதுவும் கிடையாது. செலவைத் தலைக்கணக்கில் போடுவதா கிளைக்கணக்கில் போடுவதா என்பதை வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்று நினைப்பவர்கள், நாளைக்கு வீட்டை விற்றால் பணத்தை எந்தக் கணக்கில் பிரிப்போம் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். விற்கும்போது கிளைக்கணக்கு என்றால் ஓடு மாற்றும்போதும் கிளைக்கணக்குதான். பல பிள்ளைகள் உள்ள கிளைக்காரர்கள் செலவுக்குக் கிளைக்கணக்கும் விற்பனைக்குத் தலைக்கணக்கும் கேட்பதை நான் வேறு இரண்டு குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள்.

சரி, பங்கு தெரிந்துவிட்டது. எந்தச் செலவுக்குப் பங்கு? இதற்கு எங்களுக்கு விடை சொன்னவர் வக்கீல் இல்லை, கூரை வேலைக்கு வந்த ஆசாரி.

எங்களுடையது முற்றம் வைத்த நாட்டு ஓட்டு வீடு, பனங்கைக் கூரை. நாட்டு ஓடு ஆணியடித்து நிற்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தன் கனத்தில் நிற்கிறது. பூனை ஓடும், குரங்கு தாவும், காற்றடிக்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரியும். அதனால்தான் சில வருஷத்துக்கு ஒரு முறை மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, திருப்பி மேய வேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம் முற்றத்தின் நான்கு மூலைகள். இரண்டு சரிவும் வந்து சேரும் அந்த மூலைகளில் தண்ணீர் ஓடத் தகர வாய்க்கால் இருக்கும். மாவிலை விழுந்து அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் ஏறி ஓட்டுக்கடியில் புகுந்து கைமரத்தின் நுனியில் போய்ச் சேரும். கீழே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. சுவரில் காவிக் கறை தெரியும்போது மேலே மரம் பாதி உளுத்திருக்கும்.

கஜாவில் முறிந்த கைமரம் பதினொன்று. ஆசாரி அவற்றை வரிசையாகப் போட்டுக் காட்டினாராம், அதில் ஏழு நுனியில் ஏற்கெனவே மக்கியிருந்தன. புயல் தள்ளியது, அவ்வளவுதான். ஓடு பிரித்து மேய்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு ஆகும் செலவு அப்போது இருபதாயிரத்துக்குள். அண்ணன் இரண்டு தடவை கேட்டார், நாங்கள் “பார்க்கலாம்” என்றோம். பத்துப் பேர் சேர்ந்து இருபதாயிரத்தை மிச்சம் பிடித்து ஒன்றரை லட்சத்தைச் செலவழித்தோம். அந்த ஏழு மரமும் அண்ணன் அங்கே குடியிருந்ததால் மக்கவில்லை, பூட்டிக் கிடந்திருந்தாலும் மக்கியிருக்கும், இன்னும் சீக்கிரமாகவே.

எங்கள் கணக்கு அதிலிருந்துதான் பிறந்தது. வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும் ஆகும் செலவு எதுவோ அது பங்குப்படி எல்லோருக்கும்: கூரை, சுவர், கரையான் மருந்து, ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, கிணற்றுக் கட்டு. இருப்பவர் இருப்பதால் ஆகும் செலவு இருப்பவருக்கு: கரண்ட், மோட்டார் ரிப்பேர், குழாய், பல்பு. ஒருவருக்கு ஆசையாக இருப்பதால் ஆகும் செலவு ஆசைப்பட்டவருக்கு. தூரத்தில் இருப்பவர்கள் முதல் வகையில் தள்ளுபடி கேட்பது சரியில்லை என்பது என் கட்சி, நானும் தூரத்தில் இருப்பவன்தான். ஷார்ஜாவில் இருக்கும் தம்பியின் பங்குக்கு மேலே இருக்கும் ஓடும் அதே மழையில்தான் நனைகிறது.

சட்டமும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் ரொம்ப தூரம் கூட வராது. எல்லோரும் கட்ட வேண்டிய வரியை ஒருவர் கட்டினால் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் யாரையும் கேட்காமல் ஒருவர் தன் விருப்பத்துக்குச் செய்த மேம்பாட்டுக்கு மற்றவர்கள் கையில் காசு வாங்குவது கஷ்டம். பாகப்பிரிவினை வழக்கு என்று வந்தால் முடிந்தவரை அந்தப் பகுதியை அவருக்கே ஒதுக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். குடியிருப்பவரிடம் வாடகை கேட்கும் கட்சிக்கும் அங்கே பெரிய ஆதரவு இல்லை. ஒரு பங்காளி தன் பொதுச் சொத்தில் குடியிருப்பதற்கு, மற்றவர்களை உள்ளே விடாமல் தடுக்காத வரை, பொதுவாக வாடகை தர வேண்டியதில்லை. வெளியாளுக்கு வாடகைக்கு விட்டு வாங்கினால் அது வேறு, அதில் எல்லோருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அத்தை மகளின் சாவிக் கேள்வி எங்கே போய்த் தொடுகிறது என்று இப்போது தெரியும். அந்த மாதமே மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நான்கு சாவி வெட்டினோம், கிளைக்கு ஒன்று.

அப்புறம் தேங்காய். ஆறு மரம்தான், நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, மரமேறும் கூலியும் உரித்துப் போடும் கூலியும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் ஒன்றரை லட்சத்தைப் பற்றி நிதானமாகப் பேசிய பெங்களூர்க்காரன் தேங்காய் என்றதும் கால்குலேட்டரைத் திறந்தான். கடைசியில் தேங்காய் அண்ணனுக்கு என்று முடிவானது. கூட்டிப் பெருக்குவது, முள் வெட்டுவது, ராத்திரி சத்தம் கேட்டால் டார்ச் அடித்துப் பார்ப்பது எல்லாம் அவர்தானே. கூரை வேலையின்போது ஐந்து நாள் நின்று பார்த்ததற்குக் கொத்தனார் கூலி கணக்கில் அவர் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று நான்தான் புத்திசாலித்தனமாகச் சொல்லி வைத்தேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “என் தாத்தா வீட்டுக்கு நான் கூலி வாங்கணுமா?” கூலி வேண்டாம், அவர் கேட்டது வேறு: சின்னச் செலவுக்கு ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல முடியாது.

அதனால் ஒரு வரம்பு வைத்தோம். ஐயாயிரம் வரை அண்ணன் கேட்கவே வேண்டாம், பில்லைப் படம் எடுத்துப் போட்டால் போதும். இருபத்தைந்தாயிரம் வரை குரூப்பில் சொல்லிவிட்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும், யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நான்கு கிளையில் மூன்று கிளை சரி சொல்ல வேண்டும். மழை புயல் என்றால் முதலில் வேலை, பிறகு பேச்சு, ஆனால் பிரிப்பதற்கு முன் போட்டோ. இந்தக் கடைசி விஷயம் முக்கியம், கஜாவின்போது அந்த ஏழு மரத்தை யாராவது போட்டோ எடுத்திருந்தால் இரண்டு வருஷப் பேச்சில் ஒரு வருஷம் மிச்சம் ஆகியிருக்கும்.

பணத்தைச் செலவு வந்தபின் வசூலிப்பதையும் விட்டுவிட்டோம். பங்குக்கு வருஷம் 3,000, பன்னிரண்டு பங்குக்கு 36,000, அத்தை மகள் 9,000. அண்ணன் பெயரிலும் அத்தை மகள் பெயரிலும் சேர்த்து ஒரு வங்கிக் கணக்கு, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம். மூன்றாவது வருஷம் ஓடு பிரித்து மேய்ந்தும் கையில் மிச்சம் இருந்தது. அனுப்பும்போது குறிப்பில் ‘வீட்டுப் பங்கு’ என்று போடச் சொல்லியிருக்கிறோம், அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஊரிலேயே இருப்பவர் வருஷக்கணக்காக வரி கட்டுகிறார், ரசீது அவர் பெயரில் வருகிறது, கரண்ட் இணைப்பும் ஒருநாள் அவர் பெயருக்கு மாறுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இவற்றில் எதுவும் உரிமைப் பத்திரம் ஆகாது, பட்டாகூட உரிமையைத் தராது என்றுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளின் அனுபவமாகவே கருதப்படும், இருபது வருஷம் குடியிருந்ததாலேயே வீடு அவருடையது ஆகிவிடாது. உங்களுக்குப் பங்கே இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அப்படியே பன்னிரண்டு வருஷம் போனால்தான் சிக்கல். வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் கொடுத்து வாங்கியதற்கு வங்கியில் தடம் இருந்தால் அப்படி ஒரு வாதமே எழாது. பட்டா யார் யார் பெயரில் இருக்கிறது என்பதை eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம், வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் எடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டால் அண்ணன்மேல் சந்தேகப்படும் வேலையும் மிச்சம், இது அவருக்கும் நல்லது.

ஆசைச் செலவில் எங்களுக்கு ஒரு சுவையான கேஸ் வந்தது. சித்தப்பாவின் பெங்களூர் மகன், குழந்தைகள் ஊருக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று, பின்கட்டில் டைல்ஸ் போட்டு, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, ஹீட்டர் மாட்டி ஒரு பாத்ரூம் கட்டினான். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆனது. வருஷத்தில் பத்து நாள் வருகிறவன் கட்டியது, அவன் ஆசை, அவன் காசு என்று குரூப்பில் ஒரே குரலாக எழுதினோம். அடுத்த வருஷம் பெரியம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. இப்போது அந்த பாத்ரூமைத் தினமும் உபயோகிப்பது பெரியம்மா மட்டும்தான். கட்டிய காசை அவன் கேட்கவில்லை, ஆனால் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் செலவு இப்போது பொதுக் கணக்கில் போகிறது. இது எங்கள் மூன்று வகையில் எதிலும் ஒழுங்காகப் பொருந்தவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

தலைக்கணக்கு சரியாக வரும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஆடியில் குலதெய்வப் படையலுக்கு எல்லோரும் வந்து தங்கும் மூன்று நாள். கேஸ், மளிகை, சமையல் ஆள், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் கூட்டிப் பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு அரை என்று வகுத்துவிடுகிறோம். அங்கே சொத்துப் பங்கைக் கொண்டுவந்தால் ஒற்றை ஆளாக வரும் அத்தை மகள் கால் பந்திக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

கொடுக்காதவர் கதைக்கு வருகிறேன், எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அமெரிக்கா. “எனக்கு அந்த வீடு வேண்டாம், நான் ஏன் கொடுக்கணும்” என்பது அவன் வாதம். வேண்டாம் என்று வாயால் சொன்னால் பங்கு போய்விடாது, கொடுக்காவிட்டால் பங்கு குறைந்தும்விடாது. உண்மையில் வேண்டாம் என்றால் மற்றப் பங்காளிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தன் பங்கை வெளியாளுக்கு விற்பேன் என்று ஒரு தடவை சொன்னான். விற்கலாம், ஆனால் வாங்கும் வெளியாள் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குள் வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. அந்த ஆள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நாங்களே மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ள 1893ஆம் வருஷத்து பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பன்னிரண்டில் ஒரு பங்கை யார் வாங்குவார்கள். அவன் தர வேண்டியதை வட்டி இல்லாமல் எழுதி வைத்துக்கொண்டே வருகிறோம், விற்கும் நாளிலோ விடுதலை எழுதும் நாளிலோ கழித்துக்கொள்வது என்று ஏற்பாடு. அதற்கு அவன் வாட்ஸ்அப்பில் “ஓகே” போட்டிருக்கிறான். அந்த ஒரு வார்த்தையை நம்பாமல், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி அவனிடமும் கையெழுத்து வாங்கினோம். செலவை எப்படிப் பகிர்வது என்று மட்டும் எழுதும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதற்குள் ‘கிழக்கு அறை இன்னாருக்கு’ என்று ஒரு வரி நுழைந்தால் அது பாகப்பிரிவினை, பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய சமாச்சாரம், ஆகவே அந்த மாதிரி வரி எதையும் விடவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. எங்கள் பக்கம் நாட்டு ஓடு சுடும் சூளை ஒன்றும் மிச்சமில்லை, இடித்த வீட்டு ஓட்டைத் தேடித் தேடி வாங்குகிறோம், பிரித்து மேயத் தெரிந்த ஆட்களில் சின்னவருக்கே அறுபது வயது இருக்கும். கூரையை மொத்தமாக எடுத்துவிட்டு இரும்புச் சட்டத்தில் ஷீட் போட்டுவிடலாம், முப்பது வருஷம் தொடவே வேண்டாம் என்கிறார் அண்ணன். நாலரை லட்சம் சொல்கிறார்கள். அது கூரையைக் காக்கும் செலவு, எல்லோருக்கும் பங்கு என்பது அவர் கணக்கு. ஓட்டை எடுத்தால் அது தாத்தா வீடே இல்லை, உள்ளே வெயிலில் வேகவும் முடியாது, அண்ணனுடைய சௌகரியத்துக்குச் செய்கிறார், ஆகவே அது ஆசைச் செலவு என்கிறாள் என் தங்கை, வருஷத்தில் மூன்று நாள் அங்கே தங்குகிறவள். இரண்டு கிளை சரி சொல்லிவிட்டன. எங்கள் கிளையில் மூவருக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை, அத்தை மகள் ஆவணியில் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.